கல்யாண மண்டபக் காப்பீடு: முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னும் என்னிடம் கேட்டவை

கும்பகோணம் பக்கம் பொதுக் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். ஆவணியிலும் தையிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன். நிறுவனத்துக்கு நிறுவனம் பாலிசி வாசகம் மாறும். அதனால் இதைப் படித்துவிட்டு உங்கள் பாலிசியையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

கல்யாணத்துக்குக்கூடவா இன்சூரன்ஸ்? எதுக்கெல்லாம் பணம் தருவாங்க?

இருக்கிறது. அரசு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் சில இதை விற்கின்றன. ஒரே பாலிசிக்குள் பல பிரிவுகள் இருக்கும். நிகழ்ச்சி ரத்தானாலோ தள்ளிப்போனாலோ ஏற்படும் நஷ்டம் ஒரு பிரிவு. அலங்காரம், வாடகைச் சாமான், மண்டபம் ஆகியவற்றுக்குத் தீ, வெள்ளம், புயல், கலவரம் போன்றவற்றால் வரும் சேதம் இன்னொன்று. வந்த விருந்தாளி யாருக்காவது நம்மால் அடிபட்டால் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு மூன்றாவது. நகை, பணம் திருட்டும், மணமக்களுக்கான விபத்துக் காப்பீடும் கேட்டால் சேர்ப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விதிதான். உங்கள் கையிலிருந்து போய், திரும்பி வராத பணத்துக்கு மட்டும்தான் காப்பீடு. மனக்கஷ்டத்துக்கும், ஊரார் பேச்சுக்கும், தவறிப்போன முகூர்த்தத்துக்கும் ஒரு ரூபாய் வராது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதை வைத்தே நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

மண்டபத்துக்காரர் ஏற்கெனவே இன்சூரன்ஸ் வச்சிருக்காராம். அப்புறம் நான் எதுக்கு எடுக்கணும்?

அவர் வைத்திருப்பது அவருடைய கட்டடத்துக்கு. உங்கள் மணவறையும், நீங்கள் வாடகைக்கு எடுத்த எல்.இ.டி. திரையும் அதில் வராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் ஆட்களின் கவனக்குறைவால் தீப்பிடித்தது என்று தெரிந்தால், மண்டபத்தின் காப்பீட்டு நிறுவனம் முதலில் மண்டபத்துக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். பிறகு அந்தப் பணத்தை வசூலிக்க உங்கள் மேல் வரும். நஷ்டஈடு வாங்கியவருடைய உரிமை அதைக் கொடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுகிறது என்பது காப்பீட்டுச் சட்டத்தில் பழைய கோட்பாடு. ஆக, அவர் இன்சூரன்ஸ் வைத்திருப்பது அவருக்குப் பாதுகாப்பு. அது உங்களுக்கும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு ஆகும்? முகூர்த்தத்துக்கு முதல் நாள் எடுத்தா போதுமா?

பிரீமியம் பெரும்பாலும் காப்புத் தொகையில் ஒரு சதவீதத்தை ஒட்டி, கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பத்து லட்சத்துக்கு எடுத்தால் பத்தாயிரத்துச் சொச்சம் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். மழைக்காலம், திறந்தவெளி, பந்தல் என்று சேரச் சேர ஏறும்.

முதல் நாள் எடுப்பது வீண். புயல் சின்னம் உருவாகிவிட்டது என்று வானிலை மையம் சொன்ன பிறகு போனால், அந்தப் புயலுக்குக் காப்பு தரமாட்டார்கள். தெரிந்த ஆபத்துக்குக் காப்பீடு கிடையாது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த வாரத்திலேயே எடுங்கள், ஏனென்றால் ரத்துப் பிரிவு பாலிசி எடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்குவது வழக்கம். ஆனால் பொருள் சேதப் பிரிவு சில பாலிசிகளில் நிகழ்ச்சிக்கு 24 மணி நேரத்துக்கு முன்தான் தொடங்கும். டெக்கரேஷன்காரர் இரண்டு நாள் முன்னால் கட்டத் தொடங்குவார் என்றால், தேதியையும் நேரத்தையும் பாலிசியில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். பிரித்து எடுக்கும் நாளையும் அதில் சேர்க்க வேண்டும். பிரீமியம் நிறுவனத்தின் கைக்குப் போகும்வரை காப்பு தொடங்காது என்பதும் சட்டம். ‘அண்ணே, கல்யாணம் முடிஞ்சதும் தர்றேன்’ என்பது இங்கே செல்லாது.

வாடகைச் சாமானுக்கு எவ்வளவு தொகை போடணும்? மொத்த வாடகையே 60,000 தானே சார்?

நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான். வாடகை 60,000 என்பது ஒரு நாள் பயன்படுத்துவதற்கான கூலி. எரிந்துபோனால் நீங்கள் கொடுக்க வேண்டியது பொருளின் விலை. நாற்காலி, அண்டா, சவுண்ட் பெட்டி, எல்.இ.டி. திரை, ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்தால் ஆறு லட்சம்கூட வரும். அந்த ஆறு லட்சத்தைத்தான் போட வேண்டும்.

பிரீமியத்தை மிச்சப்படுத்த மூன்று லட்சம் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். மின்கசிவில் திரையும் சவுண்ட் பெட்டிகளும் போய் 1,20,000 நஷ்டம். ‘காப்புத் தொகை மூன்று லட்சம் இருக்கிறதே, நஷ்டம் அதற்குள்தானே’ என்று தோன்றும். ஆனால் பாலிசியில் சராசரி விதி இருந்தால், மதிப்பில் பாதிக்குத்தான் காப்பு எடுத்திருக்கிறீர்கள், அதனால் நஷ்டத்திலும் பாதிதான் என்று 60,000 ஆக்கிவிடுவார்கள். அதிலிருந்து நீங்களே ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை என்று 5,000 போனால் கைக்கு வருவது 55,000. சாமான் கடைக்காரருக்கோ 1,20,000 எண்ணி வைக்க வேண்டும். பிரீமியத்தில் மிச்சமானது மூவாயிரம் சொச்சம்தான்.

தேய்மானத்தையும் நினைவில் வையுங்கள். ஐந்து வருடம் அடிபட்ட நாற்காலிக்குக் கடைக்காரர் புது விலை கேட்பார், நிறுவனம் பழைய விலைதான் தரும். இடையில் நிற்கும் தொகை உங்கள் தலையில் விழும். சாமான் எடுக்கும்போதே ‘சேதமானால் நாற்காலிக்கு இவ்வளவு, அண்டாவுக்கு இவ்வளவு’ என்று பில்லின் பின்பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த இழுபறி பெரும்பாலும் வராது.

டெக்கரேஷனுக்கு ரெண்டரை லட்சம் கொடுத்திருக்கோம். எரிஞ்சா முழுசும் கிடைக்குமா?

எப்போது எரிந்தது என்பதைப் பொறுத்தது. அலங்காரத்துக்குள் இரண்டு வகைப் பொருள் கலந்திருக்கிறது. ரோஜா, சாமந்தி, வாழைமரம், ஆள்கூலி எல்லாம் அன்றோடு தீர்ந்துபோகிறவை. இரும்புச் சட்டம், ஃபைபர் தூண், திரைத்துணி, சீரியல் பல்பு ஆகியவற்றை டெக்கரேஷன்காரர் அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போவார்.

ரிசப்ஷனுக்கு முன் எரிந்தால் முதல் வகைக்கு நீங்கள் கொடுத்த பணம் நஷ்டம், கேட்கலாம். தாலி கட்டி, எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு எரிந்தால் அந்தப் பூவுக்கு மதிப்பு பூஜ்யம். ஆனால் சட்டமும் தூணும் அப்போதும் டெக்கரேஷன்காரருடைய சொத்து. அவை உங்கள் பொறுப்பில் இருந்தன என்று ஒப்பந்தம் சொன்னால் உங்கள் பாலிசி பேசும், இல்லாவிட்டால் அது அவர் பாடு. அதனால் டெக்கரேஷன் பில்லை ஒரே வரியில் ‘மேடை அலங்காரம் 2,50,000’ என்று வாங்காதீர்கள். பூவும் கூலியும் இவ்வளவு, வாடகைச் சாமான் இவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு முறை, நஷ்டத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் கருகிய மேடை முன்னால் நின்றுகொண்டு, ‘இதில் பூ எவ்வளவு, துணி எவ்வளவு?’ என்று கேட்டபோது பெண்ணின் அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. டெக்கரேஷன்காரர் போனை எடுக்கவே இல்லை.

மண்டபத்து வாசல்ல கீத்துப் பந்தல் போடுறோம். அதுவும் இதுல வந்துடுமா?

சொல்லி எழுதினால்தான் வரும். கீற்று, மூங்கில், தார்ப்பாய், துணி இவற்றால் ஆனவற்றைத் தீக்காப்பீட்டில் ‘கச்சா கட்டுமானம்’ என்று தனியாக வைப்பார்கள். பிரீமியம் கூடும், சில நிறுவனங்கள் ஏற்கவே மாட்டார்கள். விண்ணப்பத்தில் ‘கான்கிரீட் மண்டபம்’ என்று மட்டும் எழுதிவிட்டு மொட்டை மாடியில் கொட்டகை போட்டு அங்கே தீப்பிடித்தால், முக்கியமான விவரத்தை மறைத்ததாக மொத்த கிளெய்மையும் மறுக்க இடம் கொடுத்துவிடுகிறீர்கள்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கீற்றைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், பாலிசி இருந்தாலும்.

கார்த்திகை மாசம் கல்யாணம். அடை மழையில ஆளே வரலைன்னா பணம் வருமா?

வராது. கல்யாணம் நடந்துவிட்டது. ஆயிரம் பேருக்குச் சமைத்து முந்நூறு பேர் சாப்பிட்டது வருத்தம்தான், ஆனால் அது காப்பீட்டுக்குள் வரும் நஷ்டம் இல்லை. மண்டபத்துக்குள் வெள்ளம் புகுந்தது, போகிற வழி அடைபட்டது, ஊரடங்கு போட்டார்கள் என்று ஏதோ ஒரு காரணத்தால் நடத்தவே முடியாமல் போயிருக்க வேண்டும். அந்தக் காரணமும் பாலிசியில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தேதி குறித்திருந்த பலர் பாலிசியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ‘ஊரடங்கு’ என்ற சொல் பாலிசியில் இருந்தாலும் அது கலவரத்தையும் வேலைநிறுத்தத்தையும் ஒட்டிய பிரிவில் இருந்தது. தொற்றுநோய் என்று எங்கும் இல்லை. உங்கள் பாலிசியில் அந்தச் சொல் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நிஜமாவே மண்டபத்துக்குள்ள தண்ணி வந்து தள்ளிப்போட்டோம்னா, கணக்கு எப்படிப் போடுவாங்க?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியதே, அப்படி ஒரு நாளில் முகூர்த்தம் இருந்ததாக வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மொத்தம் ஆறு லட்சத்தை ஒட்டிக் கொடுத்தாகிவிட்டது. மண்டபத்துக்குக் கொடுத்தது இரண்டு லட்சம். வேறு தேதி தருகிறார், 50,000 மட்டும் பிடித்துக்கொள்கிறார், ஆக நஷ்டம் 50,000. சமையல்காரருக்கு 1,50,000 முன்பணம். காய்கறி, பால், ஆள்கூலி என்று 70,000 போய்விட்டது, மீதியை அடுத்த தேதிக்குக் கழித்துக்கொள்கிறார். மேடை கட்டி முடித்தாகிவிட்டது, தண்ணீரில் ஊறி 1,80,000 முழுவதும் நஷ்டம். பத்திரிகை மறுபடி அடிக்க 15,000. லாட்ஜ் அறைகளுக்குக் கட்டிய 60,000ல் 40,000 திரும்பி வந்தது, நஷ்டம் 20,000.

கூட்டினால் 3,35,000. ஆரம்பத் தொகை ஐந்து சதவீதம் என்றால் 16,750 கழித்து 3,18,250 வரும். பட்டுப் புடவைக்கும் நகைக்கும் கொடுத்தது கணக்கில் வராது, பொருள் உங்களிடமே இருக்கிறது. தெரிந்தவர் என்று முகதாட்சண்யம் பார்த்து, மண்டபத்துக்காரரிடம் திரும்பக் கேட்காமலே மொத்தத்தையும் நிறுவனத்திடம் கேட்டால் நடக்காது. வசூலிக்க முடிந்ததை வசூலித்தீர்களா என்று பார்ப்பார்கள். ‘இவ்வளவுதான் திருப்ப முடியும்’ என்று ஒவ்வொருவரிடமும் கடிதம் வாங்கி வைக்க வேண்டும்.

பங்காளி வீட்ல சாவு. தீட்டுன்னு கல்யாணத்தை நிறுத்திட்டோம். இதுக்கு உண்டா?

பாலிசிக்குத் தீட்டு தெரியாது, அதில் எழுதியிருக்கும் உறவுதான் தெரியும். வழக்கமாக மணமகன், மணமகள், அவர்களுடைய அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் வரை இருக்கும். பெரியப்பா மகன் இறந்து நமக்குப் பத்து நாள் தீட்டு என்றாலும், அவர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் கிளெய்ம் இல்லை.

தாத்தா, பாட்டி, தாய்மாமன் ஆகியோரைச் சேர்க்க முடியுமா என்று எடுக்கும்போதே கேட்டு, பெயரோடு எழுதச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். ஆனால் பாட்டி ஏற்கெனவே படுத்த படுக்கை என்றால் அந்த நோயால் வரும் மரணத்தை விலக்கிவிடுவார்கள். அதை மறைத்து எடுப்பதைவிட எடுக்காமலே இருக்கலாம். ஆஸ்பத்திரிக் கேஸ் ஷீட்டில் எல்லாம் தேதியோடு இருக்கும்.

கடைசி நேரத்துல மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம்னுட்டா?

கிடையாது. இரு வீட்டாருக்குள் தகராறு, மனம் மாறியது, மாப்பிள்ளை வராமல் போனது எதற்கும் எந்தப் பாலிசியிலும் பணம் பார்த்ததில்லை.

மண்டபத்துல சேதாரம்னு சொல்லி டெபாசிட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதைக் கேக்கலாமா?

டெபாசிட் பிடித்தார்கள் என்பதற்காகக் கேட்க முடியாது. என்ன உடைந்தது, எப்படி, சரிசெய்ய எவ்வளவு என்று காட்டினால்தான் கேட்க முடியும். திடீரென்று நடந்த விபத்தாகவும் இருக்க வேண்டும். ஆரத்தித் தண்ணீர் கொட்டித் தரையில் சிவப்புக் கறை, ஓமப் புகையில் மேல்கூரை கறுத்தது, சுவரில் செல்லோ டேப் ஒட்டிய தடம் எல்லாம் வழக்கமான பயன்பாட்டில் வரும் தேய்வு. இவற்றுக்கு வராது. மேடைச் சட்டம் சரிந்து கண்ணாடிக் கதவு நொறுங்கினால் அது விபத்து.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘மூன்றாம் நபர் பொறுப்புப் பிரிவு இருக்கிறது, மண்டபம் மூன்றாம் நபருடையதுதானே’ என்று நினைப்பார்கள். உங்கள் கட்டுப்பாட்டில், உங்கள் வசம் இருக்கும் பிறர் சொத்தை அந்தப் பிரிவு பெரும்பாலும் விலக்கிவிடும். இரண்டு நாள் வாடகைக்கு எடுத்த மண்டபம் சரியாக அந்த விலக்குக்குள் போய் விழுகிறது. அதனால் பொருள் சேதப் பிரிவில் ‘வாடகைக்கு எடுத்த மண்டபம்’ என்று, முகவரியோடும் ஒரு தொகையோடும் தனி வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சாவி வாங்கும் அன்று மண்டப மேனேஜரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வீடியோ எடுத்துவிடுங்கள். பழைய விரிசலை உங்கள் கணக்கில் எழுத முடியாது.

டெக்கரேஷன் பையன் டிரில் போட்டு கிரானைட்டை உடைச்சுட்டான். ஜெனரேட்டர் வண்டி ரிவர்ஸ்ல வந்து காம்பவுண்டை இடிச்சுருச்சு. யாரு கட்டணும்?

கிரானைட்டுக்கு முதல் பொறுப்பு டெக்கரேஷன்காரருடையது. மேலே சொன்ன தனி வரி உங்கள் பாலிசியில் இருந்தால் நிறுவனம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கப் போகும், இரண்டாவது கேள்வியில் சொன்ன அதே கோட்பாடு. அதனால் ‘பாவம், சின்னப் பையன்’ என்று அவருக்கு ‘எங்களுக்குள் எந்தப் பாக்கியும் இல்லை’ என எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நிறுவனத்தின் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்ததாக ஆகி உங்கள் பணமும் நின்றுபோகும்.

வண்டி இடித்தது உங்கள் பாலிசி விஷயமே இல்லை. அது அந்த வண்டியின் மோட்டார் காப்பீட்டில் வரும். வண்டி எண்ணையும் பாலிசி நகலையும் அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி போன பிறகு ஆளைப் பிடிப்பது கஷ்டம்.

ஏதாவது ஆயிடுச்சுன்னா முதல்ல என்ன செய்யணும்? எங்க கணக்கெல்லாம் துண்டுச் சீட்டுலதான் இருக்கு.

ஆட்களை வெளியேற்றி, தீயை அணைத்து, மெயினை நிறுத்துங்கள். அடுத்து நிறுவனத்துக்குப் போன், கூடவே ஒரு மின்னஞ்சல். போன் செய்ததற்கு அத்தாட்சி இருக்காது. தீ என்றால் தீயணைப்புத் துறை அறிக்கையும், திருட்டு என்றால் போலீஸ் புகாரும் வேண்டும்.

சிக்கல் வருவது அதற்குப் பிறகுதான். மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுத்த கல்யாணத்துக்காரர்கள் வந்து நிற்பார்கள், மண்டபத்துக்காரர் குப்பையை அள்ளச் சொல்வார். சர்வேயர் வருவதற்குள் அள்ளிவிட்டால் நஷ்டத்தைக் காட்ட எதுவும் இருக்காது. ‘இடத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது, அள்ளலாமா?’ என்று மின்னஞ்சலில் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். எரிந்த பொருளை எண்ணி, படமெடுத்து, ஒரு மூலையில் குவித்து வைக்கச் சொல்லுங்கள். வெறும் இரும்புச் சட்டத்தைக்கூட எடைக்குப் போடாதீர்கள், அதன் மதிப்பையும் கழிப்பார்கள்.

துண்டுச் சீட்டு பலவீனம்தான். முன்பணத்தையாவது வங்கி வழியாக அனுப்புங்கள், குறிப்பில் ‘மேடை முன்பணம்’ என்று எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் முகவரியும் தேதியும் உள்ள ரசீது வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு போய் வாங்கும் பில்லின் தேதியை சர்வேயர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கல்யாணம் பொண்ணு வீடு, ரிசப்ஷன் மாப்பிள்ளை வீடு. பாலிசி யார் பேர்ல எடுக்கணும்?

யார் செலவு செய்கிறார்களோ அவர் பேரில். பெண்ணின் அப்பா பேரில் மட்டும் பாலிசி இருந்து, ரிசப்ஷன் மேடைக்கு மாப்பிள்ளை வீட்டார் பணம் கொடுத்திருந்தால், அந்த மேடை எரிந்ததில் பெண்ணின் அப்பாவுக்கு நஷ்டம் இல்லை. முதல் பதிலில் சொன்ன விதி இங்கேயும்தான். இரண்டு சம்பந்தி பெயரையும் போட்டு ஒரே பாலிசி எடுங்கள், எந்தச் செலவு யாருடையது என்று பட்டியல் இணையுங்கள். சம்பந்திகளிடம் இதைப் பேசக் கூச்சமாக இருந்தால் முகவரைப் பேசச் சொல்லுங்கள், அதுவும் எங்கள் வேலைதான்.

கிளெய்மை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. இனி என்ன வழி?

மறுத்ததற்கான காரணத்தை, பாலிசியின் எந்த விதி என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் bimabharosa.irdai.gov.in தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் ஒரே வழக்கை இரண்டு இடத்திலும் நடத்த முடியாது.

வீட்டுல காதுகுத்து, 150 பேர்தான். இதுக்கும் எடுத்துடவா?

வேண்டாம். சொந்த வீட்டு வாசலில், பிரியாணி மாஸ்டரும் நூறு நாற்காலியும்தான் என்றால் உங்களுக்குப் போகக்கூடிய அதிகபட்ச நஷ்டம் சில ஆயிரங்கள். அதில் ஆரம்பத் தொகை கழிந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நாற்காலிக்காரரிடம் மேலே சொன்னபடி பில்லின் பின்பக்கம் விலையை எழுதி வாங்கிக்கொண்டு, சமையல் அடுப்பைப் பந்தலிலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள். தாய்மாமன் சீர் நகையை மட்டும் அன்று இரவே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.